முப்பது சதவீதக் காளான்

கணபதிப் பகுதியில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கோபிப் பக்கம் காளான் வளர்க்கும் ஓர் அம்மா ரிப்போர்ட் வாங்க வந்திருந்தார். நூறு கிராம் காளானில் தண்ணீர் தொண்ணூறு, புரதம் மூன்று, கொழுப்பு அரை, சாம்பல் ஒன்று, மீதி ஐந்தரை மாவுச்சத்து.

"ஏனுங்க அம்மணி, புரோட்டீன் வெறும் மூணுதானுங்களா?"

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தண்ணிய எடுத்துட்டுப் பாருங்க. மிஞ்சுறது பத்து கிராம். அதுல மூணுன்னா நூத்துக்கு முப்பதுங்க" என்றேன். புரதம் முப்பது, கொழுப்பு ஐந்து, மாவுச்சத்து ஐம்பத்தைந்து என்று உலர் எடைக் கணக்கையும் அச்சடித்துக் கொடுத்தேன். கணக்கில் பிழையே இல்லை. பச்சைக் காளான் பாக்கெட்டில் அதைப் போடக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அவர் சிரித்ததைக் கெடுக்க மனம் வரவில்லை. பெரிய தர்மப்பிரபு நான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டிலிருக்கும் என் மாமியாரைப் புரதம் நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு சாயங்காலம் சீக்கிரமே வந்து பார்த்தால், நான் அவித்து வைத்த முட்டைகள் அப்படியே இருந்தன. தட்டில் காளான் குழம்பு.

"முட்டையில நூத்துக்குப் பதிமூணுதானாமா கண்ணு. இதுல முப்பதுன்னு போட்டிருக்குது. ஒரு வாரமா முட்டையப் பக்கத்து வீட்டுப் பசங்களுக்குக் குடுத்துட்டு இதத்தான் திங்கறேன்."

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த அம்மாவின் படமே போட்டிருந்தது. என் முப்பது.

"அது தண்ணி இல்லாத கணக்குங்க அத்தை. இதுல மூணுதான் இருக்கும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நோயாளி திங்கறதுல இப்படிப் பண்ணுனவ நல்லா இருப்பாளா?"

முட்டையை உரித்து அவர் கையில் கொடுத்தேன்.