ஊசிக்கு முந்தைய ராத்திரி

பன்றிக் காய்ச்சல் பயம் வந்துபோன மறுவருஷம், நான் நர்ஸாக இருந்த திருப்பூர் பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி போட முதலாளி ஏற்பாடு செய்தார். ஷிப்மென்ட்டுக்காக விடிய விடியத் தைத்து முடிக்கும் காலையில், எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று மேனேஜர் அன்றைக்கே நாள் குறித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊசி மருந்து கிருமியை உடம்புக்கு அடையாளம் காட்டுவதோடு சரி. எதிர்ப்புச் சக்தியை அடுத்து வரும் வாரங்களில் உடம்புதான் உண்டாக்க வேண்டும். ஊசிக்கு முந்தைய ராத்திரிகளிலோ அந்தச் சமயத்திலோ தூக்கம் கெட்டால் அது குறையலாம் என்று எங்கள் டாக்டரும் சொன்னார். "முழுசா உறுதியாகலைங்க. தூங்காம வந்தாலும் திருப்பி அனுப்பாம போட்டுடுங்க. போடாததுக்கு அது மேல்."

நான் சண்டை போட்டதில் முதலாளி ஊசியைத் தள்ளிவைத்தார். ஊசிக்கு முன்னும் பின்னும் சில நாள் நைட் ஷிப்டையும் நிறுத்தினார். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஊசி அன்று முதலில் வந்த டெய்லரின் கண்கள் சிவந்திருந்தன.

"தூங்கலீங்களாண்ணா?"

"இங்க நைட்டு லீவுங்களே சிஸ்டர். பக்கத்து கம்பெனில போயித் தெச்சனுங்க."

"தூங்கறதுக்குத்தானே லீவே விட்டாங்க!" என்று கத்திவிட்டேன். ஆனாலும் ஊசியைப் போட்டேன். "இன்னைக்கு ராத்திரியாவது தூங்குங்க."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"இன்னைக்கும் அங்க வர்றேன்னு சொல்லிப்போட்டனுங்க. ஊட்டுல புள்ளைங்களுக்கும் இந்த ஊசி போடோணுமுங்களே. அதுங்களுக்குக் கம்பெனி போடாதுங்களே."