குழாய் திறக்கும் முன் கொஞ்சம் மௌனம்

அவள் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். முடிவை முந்திக்கொண்டு உளறிவிடுவாள், பாவம். பிழைப்புக்குக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவள். அழ வைப்பதில் கெட்டிக்காரி. ஆனால் மாமனார் மாமியாரின் ஐம்பதாவது கல்யாண நாளுக்குச் சிரிப்பு வீடியோ என்றதும் நாத்தனார் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி வீண் வேலை? வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமே."

சுருக்கென்று தைத்தது. இந்த வீட்டை ஒரே ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

கணவன் போனில் எடுத்த காட்சி ஒன்று இருந்தது. மாமனார் சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டு, "நான் கை வச்சா அப்புறம் பேச்சே கிடையாது" என்று மார்தட்டுகிறார். திருகியதும் கைப்பிடி கையோடு வருகிறது. தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. அவள் 'டொய்ங்' என்று சத்தம் சேர்த்து, தண்ணீரை மூன்று முறை மெதுவாக ஓட்டினாள்.

"ம்... நல்லாத்தான் இருக்கு" என்று கணவன் இழுத்தான்.

திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. வாய் செய்த அதே தப்பைக் கையும் செய்திருக்கிறது! சத்தம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. போனுக்குப் பின்னாலிருந்து கணவன் வேறு, பார்ப்பவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துத் தீர்க்கிறான். இரண்டையும் தூக்கினாள்.

மாமனாரின் வீறாப்புக்குப் பிறகு அவர் பெருமையாகச் சிரிக்கும் முகத்தை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிறுத்திவைத்தாள். அடுத்து மாமியாரின் முகம் வேண்டும். இருந்ததோ ஒரே போன். அந்த நேரத்தில் அது மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தது. தேடினாள். அதற்கு முன்பே எடுத்த பகுதியில், மாமனார் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அதே புடவையில், அதே இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு கண்கூட இமைக்காமல் மாமியார் நின்றிருந்தார். அந்த முகத்தை வெட்டி எடுத்துக் குழாய்க் காட்சியில் வைத்தாள். கைப்பிடி கழன்றதும் தண்ணீரைக் காட்டவில்லை. மாமியார் முகத்தின் மேல் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகுதான் நனைந்த மாமனார், "வாஷர் சரியில்ல" என்கிறார். அதன் பின்னும் சற்று இடம் விட்டாள், சிரிப்பில் அடுத்த பேச்சு அமுங்கிவிடக் கூடாதே என்று.

கல்யாண நாளன்று கூடத்துச் சுவரில் படம் ஓடியது. மாமனார் பெருமையாகச் சிரித்தார். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமியார் முகம் வந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வீடே இடிந்துவிடுவதுபோல் ஒரு சிரிப்பு எழுந்தது. அவள் விட்ட இடம் போதவேயில்லை. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எப்போ அப்படிப் பார்த்தேன்?" என்றார் மாமியார், அதே முகத்தோடு.

"அம்பது வருஷமா அப்படித்தான் பார்க்கிற" என்றார் மாமனார், கண்ணைத் துடைத்தபடி. "ஏம்மா, இன்னொரு தடவை போடு!"

அவள் போட்டாள். இந்த முறை குழாய் திறக்கும் முன் வரும் அந்த மௌனத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.