அண்ணி தேர்ந்தெடுத்த சிசிலியன்

எங்கள் அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். எங்கள் செஸ் கிளப்புக்கு நான்தான் செயலாளர். அங்கே அண்ணியிடம் தோற்று வீட்டுக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு வருபவனும் நான்தான். கிளப் போட்டியில் முதலில் வருகிற ஒருவரை மட்டும் பெரிய ஓபன் டோர்னமெண்டுக்கு அனுப்புவோம். அதற்குப் போக வேண்டும் என்பது அண்ணியின் வெகுநாள் ஆசை. போன வருஷம் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இரண்டாம் இடம்.

இந்த முறை கறுப்புக் காய்க்கு என்ன ஓப்பனிங், அதாவது ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று அவர் தேட, நான் டேட்டாபேஸில் ஒரு கேம்பிட்டை, ஆரம்பத்திலேயே சிப்பாயைப் பலி கொடுக்கிற வகையை, பிடித்தேன். கறுப்புக்கு அறுபது சதவீதப் புள்ளி. துள்ளிக் குதிக்காத குறை.

"யாரு யாரோட ஆடினது தம்பி?" என்றார் அண்ணி. இருவரின் ரேட்டிங்கும் அவர் ரேட்டிங்கை ஒட்டி, வித்தியாசம் ஐம்பதுக்குள் இருக்கும் ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினார். அறுபது நாற்பத்து நான்காகச் சரிந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் சின்ன ஆட்களை அடித்துச் சேர்த்த புள்ளி அது.

அதே வடிகட்டலில், ஆயிரக்கணக்கான ஆட்டங்களில், அவர் வழக்கமாக ஆடும் பெட்ரோவ் என்ற ஓப்பனிங்குக்கு ஐம்பத்திரண்டு. சிசிலியன் என்ற இன்னொரு ஓப்பனிங்கில் டிராகன் வகைக்கு நாற்பத்தொன்பது.

"அப்ப பெட்ரோவ்தான். பேச்சே வேண்டாம்," என்றேன்.

"ஐம்பத்திரண்டு எதுலேர்ந்து வருதுன்னு பாருங்க. நூத்துக்கு முப்பது டிரா, ஒவ்வொண்ணுக்கும் அரைப் புள்ளி. ஜெயிச்சது முப்பத்தேழுதான். டிராகன்ல ஜெயிச்சது நாப்பத்து மூணு."

"தோத்தது நாப்பத்தஞ்சு அண்ணி. கண்ணு தெரியலையா?"

"தெரியுது. டிரா பண்ணிப் பண்ணித்தான் போன வருஷம் ரெண்டாவதா நின்னேன்."

அந்த வாரமே டிராகனை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அண்ணன் கேட்ட காபிக்கு, "போட்டுக்குங்க, எனக்கும் ஒண்ணு," என்று பதில் வந்தது.

போட்டியில் இரண்டு ஆட்டம் தோற்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் மற்றதெல்லாம் வெற்றி. கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி முன்னால் நின்ற பல் டாக்டரோடு கறுப்புக் காய். டாக்டருக்கு டிரா போதும். அண்ணி ஜெயித்தே தீர வேண்டும்.

டாக்டர் ராணிப் பக்கம் கோட்டை கட்டிவிட்டு, அண்ணியின் ராஜா மீது சிப்பாய்களை ஏவினார். பதினாறாம் நகர்த்தலோடு, "டிரா?" என்று கையை நீட்டினார். அண்ணி தலையசைத்து மறுத்து, தன் யானையைக் கொடுத்து, டாக்டரின் ராஜாவுக்கு முன் நின்ற குதிரையை வெட்டினார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. டாக்டரின் சிப்பாய்கள் வந்து சேருமுன் அவருடைய ராஜாவைச் சுற்றி எல்லாம் திறந்துவிட்டது. ராணியைக் கொடுத்தால்தான் செக்மேட்டைத் தடுக்கலாம் என்ற நிலையில் டாக்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு, கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணியோ வராந்தாவில் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம் லீவு வேணும் சார். இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் ஆடப் போறேன்."