சித்தி திருத்திய தவணைச் செய்தி

சித்தி ஒரு செய்தி அனுப்பினால் மலையே இறங்கி வந்து தவணை கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகும். கடலுக்குப் பாக்கி இருந்தால் அதுவும் அலையலையாகப் பிரித்துக் கட்டிவிடும். இப்படித்தான் அவளுடைய அக்கா மகன் தெருவெல்லாம் கதை அளந்துகொண்டிருக்கிறான். சித்தி வேலை பார்ப்பதோ டயர் கடைக்கு மேலே, இரண்டு மேசையும் முனகும் மின்விசிறியும் உள்ள ஒரு சின்னக் கடன் அலுவலகத்தில்.

அந்த மாதம் தையல்கார அம்மா தவணை கட்டவில்லை. முதலாளி சொன்ன வாசகத்தையே சித்தி அனுப்பினாள்: "கடைசி எச்சரிக்கை! கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும்." அந்த அம்மா போனை அணைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் வசூல் ஆட்களை அனுப்பப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

சித்திக்கு உறுத்தியது. ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது பார்த்திருக்கிறாள், அந்த போன் துணி வெட்டும் மேசையில் மல்லாந்தே கிடக்கும். செய்தி வந்தால் முதல் வரி திரையில் தானாகத் தெரியும்.

"சார், அளவு கொடுக்க வந்தவங்க எல்லாம் அதைப் படிச்சிருப்பாங்க."

"படிக்கட்டும்மா. அப்பதான் உறைக்கும்."

"எங்க உறைச்சுது? பணமும் வரல, பேச ஆளும் இல்ல."

"அதுக்காகக் கெஞ்சணுமா?"

சித்தி முதலில் எழுதியது கிட்டத்தட்டக் கெஞ்சல்தான்: "முடியும்போது கட்டுங்கள்." முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்த ஜென்மத்துல முடியும்னு சொல்லுவாங்க!" சித்திக்கும் சிரிப்பு வந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"வணக்கம் அம்மா, டயர் கடை மாடியிலிருந்து எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது திறந்து படியுங்கள். ஐந்தாம் தேதித் தவணை இரண்டாயிரம் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுங்கள். தவறினால் ஒப்பந்தப்படி தாமதக் கட்டணம் நூறு சேரும். முழுதாகக் கட்ட முடியாவிட்டால் அதற்கு முன்பே என்னை அழையுங்கள், பேசி முடிவு செய்வோம். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதை அனுப்புங்கள்."

"வீட்டுக்கு ஆள் வரும்னு எங்கம்மா?"

"அது ஒப்பந்தத்துல இல்ல சார். நூறு இருக்கு. இருக்கிறதை மட்டும் சொல்லுவோம்."

வெள்ளிக்கிழமை மதியம் மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தையல்கார அம்மா பாதித் தொகையை மேசையில் வைத்தாள்.

"மீதி இருபதாம் தேதி. அதுக்கு அந்தக் கட்டணம் உண்டுன்னா போட்டுக்கோங்க. என் பொண்ணுதான் போனைத் திரும்பப் போட்டு வாசிச்சுக் காட்டினா. நல்லவேளை, முன்ன வந்தது அவ கண்ணுல படல."

அவள் இறங்கிப் போன பிறகு முதலாளி தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் அதையே போடும்மா. ஆனா நான் சொன்னேன்னு இருக்கட்டும்."

அக்கா மகன் இந்தக் கதையை இந்த இடம் வரை எழுதி முடித்தபோது அவன் போன் சிணுங்கியது. சித்தியின் செய்தி.

"வணக்கம் தம்பி, நேரம் கிடைக்கும்போது திறந்து படி. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போன என் குடை இன்னும் வரவில்லை. நாளை மாலைக்குள் கொடு. தவறினால், நீ என் மேசைமேல் விட்டுப்போன மலை, கடல் கதையின் முதல் பக்கத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்."

அவன் உடனே அழைத்தான். "சித்தி, இது மிரட்டல் இல்லையா?"

"மிரட்டல்தான்டா. உன்கிட்டதான் ஒப்பந்தமே போடலையே."