ரப்பர் வெட்டுகாரரும் யூபோர்பியா பாலும்

குன்னத்துகாலில் லீலாபாயிடம் யூபோர்பியா வாங்கப் போகிறவர்கள் முதலில் வாங்குவது செடியை அல்ல, வசவை. "வெறுங்கையோட தொடாதீங்க! கம்பு முறிஞ்சா பாலு வடியும். தோலுல பட்டா பொள்ளும், கண்ணுல பட்டா கண்ணு போச்சு!" என்று கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். பூ பார்க்க வந்த பெண்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். சிலர் திரும்பிப் போனதும் உண்டு.

அந்தப் பயம் அவளுக்குச் சும்மா வந்ததல்ல. இருபத்திரண்டு வருடம் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தவள். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல்தோல் உரிந்து, சர்ச்சில் யாராவது கைகொடுத்துத் தோத்திரம் சொல்ல வந்தால் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொள்வாள். உள்ளங்கையில் அந்தக் கறுப்புத் திட்டுகள் இன்றும் போகவில்லை. ஆபீஸ் மூடியபின் யாரோ கொடுத்த ஒற்றைக் கம்பில் தொடங்கி, இப்போது முற்றமும் மொட்டைமாடியுமாக முந்நூறு சட்டி. சிவப்பு, மஞ்சள், தாய்லாந்து ரகம் எல்லாம் உண்டு.

அவள் கம்பு வெட்டுவதைப் பார்த்தால் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தோற்றுவிடும். முள் குத்தாத தடித்த ரப்பர் கையுறை முழங்கை வரை. கண்ணுக்குக் கண்ணாடி. வெட்டிய முனையைத் தண்ணீரில் முக்கிப் பால் நின்றதும், நிழலில் சில நாள் காயப்போட்டுத்தான் நடுவாள். கத்தியையும், கழற்றுவதற்கு முன் கையுறையையும், கழற்றியபின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். வேலை முடியும்வரை மூக்கு அரித்தாலும் சொறியமாட்டாள்.

இதெல்லாம் அவளுடைய கணவர் ரெத்தினதாஸுக்குப் பெரிய தமாஷ். முப்பத்தைந்து வருடமாக ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுகாரர். பால் என்றால் அவருக்கு ஒரே பால்தான். கையில் பட்டால் காயவிட்டு, கட்டைவிரலால் உருட்டி நூல்நூலாக உரித்து எறிவார். அதில் அவருக்கு ஒரு சுகம் வேறு.

"சோனாக்க அப்பா, இது ரப்பர் பாலு அல்ல, விஷமாக்கும்," என்று அவள் மூன்று வருடமாகச் சொல்கிறாள். கல்யாணமான நாள் முதல் அவரை அவள் பெயர் சொல்லி விளித்ததில்லை. மகள் சோனா பிறந்தபின் சோனாக்க அப்பா, அதற்குமுன் வெறும் 'இஞ்ச பாருங்க.'

"நான் பாலுல குளிச்சவனாக்கும். நீ எனக்குப் பாலப்பத்திப் படிப்பிக்காத," என்பார் அவர். சுவரிடம் பேசினாலாவது எதிரொலி வரும்.

ஒரு சனிக்கிழமை, காஞ்சிரங்குளம் சர்ச்சுப் பெண்கள் விற்பனை விழாவுக்கு நாற்பது கம்பு கேட்டிருந்தார்கள். லீலாபாய் கம்பு போட்டுக் கொடுக்கப் பிளாஸ்டிக் கவர் வாங்கப் பாறசாலைக்குப் போனாள். வெட்டு முடிந்து வந்த மனுஷனுக்கு அன்றைக்கென்று பார்த்து மனைவிமேல் பாசம் பொங்கியது. ரப்பர் கத்தியை எடுத்து, வெறுங்கையோடு நாற்பதையும் வெட்டிவிட்டார். கையில் வழிந்த பாலைப் பழையபடி காயவிட்டு உருட்டினார். இது ரப்பர் மாதிரி உருளவில்லை, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. அந்தக் கையாலேயே வலது கண்ணைத் துடைத்தார்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய லீலாபாய் பார்த்தது, வரிசையாக அடுக்கிய நாற்பது கம்பும், பக்கத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவரும்தான்.

"ஒண்ணும் இல்ல. பொடி விழுந்திட்டு," என்றார்.

"பொடியா? எனக்க கர்த்தாவே, இந்த மனுஷனை நான் என்ன செய்ய!" கவரை வீசினாள். "கைய எடுங்க! கண்ண கசக்கினா அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

தன் கையைச் சோப்பால் கழுவிவிட்டு, அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். கழுத்தை வலப்பக்கம் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, ஹோஸ் குழாயிலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டாள். மற்றக் கண்ணுக்குள் ஓடாமல் கன்னத்து வழியே கீழே வழியவிட்டாள். அவர் கைகள் சும்மா இருக்காமல் முகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. "பின்னால கெட்டுங்க கைய!" என்று அதட்டினாள். ஐந்து நிமிடத்தில் "போதும்" என்றார். "வாய மூடிட்டு நில்லுங்க" என்றாள். பக்கத்து வீட்டு அஜிஷா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

"மாமி, முலப்பாலு ரெண்டு சொட்டு விட்டா செரியாவும். எனக்கு உண்டு."

"ஒரு பாலு படுத்துன பாடு போதும் மக்கா. நீ போய் ஆட்டோவ நிக்கச் சொல்லு."

இருபது நிமிடம் கழுவினாள். பிறகு அவர் கைகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஒரு துண்டுக் கம்பைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துக்கொண்டு, அவரை நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் மருந்துச் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கம்பையும் பார்த்தார். "கருவிழியோட மேல்தோல் உரிஞ்சு போயிருக்கு. உடனே கழுவினது நல்ல காரியம். ஆனா நாளைக்கும் மறுநாளும் இதைவிட மங்கும். சொட்டு மருந்து நேரம் தப்பாம விடணும். தினமும் வந்து காட்டணும்."

"செரியாவுமா டாக்டரே?"

"மிக்கவாறும் ஆவும்."

மிக்கவாறும்! அனேகமாக என்கிற அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் ரெத்தினதாஸுக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே நிழல்தான் காட்டும். பார்க்கிற கண் இந்த ஒன்றுதான். அதைத்தான் கொண்டுபோய்ப் பாலில் குளிப்பாட்டியிருக்கிறார்.

மறுநாள் இமை பணியாரம்போல் வீங்கிவிட்டது. விரல் இடுக்கெல்லாம் சிவந்து கொப்புளித்தது. சொல்லவேண்டிய வசவெல்லாம் தொண்டை வரை நிரம்பியிருக்க, அவள் மருந்துக் குப்பியோடு அவர் முன்னால் போய் நின்றாள். கையெட்டும் தூரம். அவர் முகத்தைத் தூக்கி, சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தார்.

"ஆரு நிக்கது? அஜிஷாவா?"

லீலாபாய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "நானாக்கும். தூரத்துல நிக்கேன், அதுனால தெரியல்ல," என்றாள். மருந்தை விட்டாள். அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நாலாம் நாள் காலண்டரில் தேதி தெரிந்தது. பத்தாம் நாள் டாக்டர் "இனி பேடிக்கண்டா" என்றார், பயப்பட வேண்டாம் என்று.

பேடி போனதும் மனுஷன் பண்டிதராகிவிட்டார். அடுத்த வாரம் செடி வாங்கக் குளத்தூரிலிருந்து வந்தவர்களுக்கு லீலாபாயின் கையுறையை மாட்டிக்கொண்டு அவரே கம்பு வெட்டிக் காட்டினார். "இது ரப்பர் பாலு மாதிரி அல்ல கேட்டேளா. விஷமாக்கும். கிளவுஸ் இல்லாம தொடப்பிடாது. கண்ணுல பட்டா உடனே கழுவணும், இருபது நிமிசம்." சொந்தமாகக் கண்டுபிடித்தவர் மாதிரி. மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்தியவள் மாடிப்படியில் நின்று பல்லைக் கடித்தாள்.

உச்சி வெயில். பேச்சு மும்முரத்தில் அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. பால் வழிகிற கையுறை மெல்ல எழுந்து, வலது கண்ணை நோக்கிப் போனது.

"ரெத்தினதாஸ்!"

முற்றமே திடுக்கிட்டது. வேலிக்கு அப்பால் அஜிஷாவின் குழந்தை விழித்து அழுதது. கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவர் வாயைப் பிளந்து மாடிப்படியைப் பார்த்தார்.

"எட்டீ, நீ எனக்க பேரச் சொல்லியா விளிச்ச?"

"ஆமா, விளிச்சேன்." அவள் படியிறங்கி வந்தாள். "மொதல்ல அந்தக் கைய இறக்கும்."