கோமளவல்லியின் கம்பளி

திருத்தணி மலையடிவாரத்தில் என் வீட்டுக்கு எதிரே தேங்காய்க் கடை வைத்திருந்தவன் சடகோபன். அவன் மனைவி கோமளவல்லி சித்திரை வெயிலிலும் கம்பளி போர்த்திக்கொண்டு பூ கட்டுவாள். முகம் உப்பி, குரல் கரகரத்து, அவள் ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் பூ வாடிவிடும்.

ரத்தம் இல்லை என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. மருந்து சொல்லாத வாய் எங்கள் தெருவில் கிடையாது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், வைத்தியர் ஆனந்தனின் இரும்பு டானிக். பல்தான் கறுத்தது.

மாமியார் அன்னம்மாள் சுலபமான வைத்தியம் கண்டுபிடித்தார். மகனுக்கு இன்னொரு பெண்.

"தின்னுட்டு ஊதிக்கினு கீறா, சோம்பேறி. தையில முகூர்த்தம்" என்றார் என்னிடம். அம்மா எது சொன்னாலும் "ஆங்" என்பவன் சடகோபன். இதற்கும் அதையே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோமளவல்லியின் அண்ணன் வேணுவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம். யுத்தம் முடிந்த மறு வருஷம் தங்கையை அங்கே டாக்டர் சிவப்பிரகாசத்திடம் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் கம்பளியையும் தேய்ந்த புருவத்தையும் பார்த்துவிட்டுத்தான் ரத்தத்தைச் சோதித்தார்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி மந்தமாயிட்டதும்மா. உடம்பு மெதுவா ஓடுது, பிராணவாயு கொஞ்சம் போதும்னு இருக்குது. அதனால எலும்புக்குள்ள ரத்தம் உண்டாகற வேலையும் சுணங்கிப்போச்சி. உங்களுக்கு இரும்பு குறையல, அத ஊத்தி என்ன பண்றது? சுரப்பியோட குறைய தீர்த்தா ரத்தம் நிதானமா ஏறும். மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

ஆட்டுச் சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரை அது. சில வாரங்களில் கம்பளி மூலைக்குப் போனது. சில மாதங்களில் இமைக்குள் சிவப்பு வந்தது. "எல்லாம் என் டானிக்தான்" என்று ஆனந்தன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கல்யாணப் பேச்சு அடங்கியது.

ஆடிக் கிருத்திகை வந்தது. சடகோபனுக்குக் காவடி விரதம். ஆட்டுச் சமாசாரம் வீட்டில் கூடாதென்று அன்னம்மாள் மாத்திரை டப்பாவைப் பரணில் போட்டார். காவடி இறங்கியது, டப்பா இறங்கவில்லை. ஐப்பசிக்குள் கம்பளி திரும்பியது, இமை வெளுத்தது, கூடவே புதுப் பெண் வீட்டாரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மறுபடி படுத்துக்கினா பாருங்க" என்றார் அன்னம்மாள் அவர்களிடம்.

கோமளவல்லி மெதுவாக எழுந்து வந்தாள். கரகரத்த குரல்தான், ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது.

"நம்ம முருகன் சாமி ஆட்டுக்கடா மேல ஏறி ஊர்கோலம் போனவரு, அத்தே. அவரு ஏறலாம், நான் முழுங்கக் கூடாதா?"

சடகோபன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல், பரணில் ஏறினான்.