ஜாமீன் கிடைத்தவருக்குப் பரோல்

திங்கட்கிழமை காலை பத்து நாற்பது. மைசூரு கோர்ட் வளாகத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது நான் நிருபராக இருக்கும் தமிழ்ப் பத்திரிகைதான். அதை எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் செருகியிருந்த பெரியவர் ஹனூரிலிருந்து வந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

அவள் கணவர் கட்டட மேஸ்திரி. கட்டட வேலை நடந்த இடத்தில் மூண்ட கைகலப்பில் கொலை முயற்சி வழக்குப் போட்டு மண்டி மொஹல்லா சிறையில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை செஷன்ஸ் கோர்ட் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அவர் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. சொந்த நிலமுள்ள ஒருவர் பஹணியோடு, அதாவது நிலப் பதிவுச் சான்றோடு, வந்து பிணைக் கையெழுத்துப் போட்டால் வெளியே வரலாம். ஞாயிறுதோறும் ஸ்டேஷனில் கையெழுத்து, சாட்சிகள் பக்கம் போகக் கூடாது. நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்.

சனிக்கிழமை இதழில், ‘மேஸ்திரிக்குப் பரோல்’ என்று தலைப்பு. உள்ளே நான்கு இடத்தில் பரோல்.

பெரியவர் மேஸ்திரியின் தாய்மாமன். அந்தக் குடும்பத்தில் தன் பேரில் பஹணி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வாடகை வீட்டுக்காரர்கள். கையெழுத்துப் போடத்தான் வந்தார். ஆனால் டீக்கடையில் பேப்பரைப் படித்துவிட்டு வந்தார். அவர் ஊரில் முன்பு பரோலில் வந்த ஆயுள் கைதி ஒருவன் திரும்பிப் போகவில்லையாம். ஜவாப்தாரியாக நின்றவர் வருஷக்கணக்கில் அலைந்தாராம்.

வக்கீல் ஜாமீன் உத்தரவை நீட்டினார். பெரியவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்சிக்காரனுக்காகப் பேசுவதுதானே வக்கீல் தொழில் என்றார்.

நான் போய், அந்தச் செய்தியை எழுதியவன் நான், அது தப்பு என்றேன். தண்டனை ஆனவனுக்குச் சிறைத் துறை நாள் குறித்துக் கொடுக்கும் விடுப்புதான் பரோல், அது முடிந்ததும் உள்ளே போயாக வேண்டும். இது கோர்ட் கொடுத்த ஜாமீன், வழக்கு நடக்கும்போது இவர் வீட்டில் இருக்கலாம் என்று விளக்கினேன். முழுதும் கேட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, வாயில ஒண்ணு சொல்றீங்க, பேப்பர்ல ஒண்ணு போடறீங்க. நான் எதைங்க நம்பறது?”

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்தாள்.

“மாமா, தீர்ப்பே இன்னும் ஆகல மாமா. அவர் குத்தவாளி இல்ல.”

“அதையும் பேப்பர்ல போடச் சொல்லு தாயி. வந்து கையெழுத்துப் போடறேன்.”

பதினொன்றரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பெங்களூரு டெஸ்க்குக்கு போன் செய்தேன். செய்தியைத் திருத்திய உதவி ஆசிரியருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த வாரம் வேறொரு பெரிய வழக்கில் பரோல் விவகாரம் முதல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாசகர்கள் அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டார்கள் என்றார். செஷன்ஸ் கோர்ட் பரோல் கொடுக்காது என்றேன். அவ்வளவு நுணுக்கம் யாருக்குத் தேவை என்றார்.

“ரெண்டுலயும் ஆளு வெளிய வர்றான்ல சார்? ஜாமீன்னு போட்டா செய்தி சப்புனு இருக்கு.”

ஆள் வெளியே வரவில்லை, உங்கள் தலைப்பால்தான் உள்ளே இருக்கிறார் என்றேன். அவர் தட்டச்சை நிறுத்தவில்லை. திருத்தம் போட செய்தி ஆசிரியரைக் கேட்க வேண்டும், அவர் மாலையில்தான் வருவார், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். மாலையில் செய்தி ஆசிரியர் ஒப்புக்கொண்டார். நாளைக்குத் திருத்தம் வரும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை இதழில் திருத்தம் இல்லை. அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டதாம். அன்று காலை ஏழு மணிக்கே அந்தப் பெண் போன் செய்து, எந்தப் பக்கத்தில் தேடுவது என்று கேட்டாள். நாளைக்கு வரும் என்றேன். நேற்றும் அதைத்தானே சொன்னீர்கள் என்றாள். மறுபடி டெஸ்க்கைக் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தவர் வேறொருவர். முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு, “அப்போ பரோல் கேன்சல் ஆயிடுச்சா சார்?” என்றார்.

புதன்கிழமை ஒன்பதாம் பக்கத்தின் அடியில் திருத்தம் வந்தது. ஜாமீன் என்றும், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்றும் மூன்று வரி. அதே பக்கத்தின் மேலே வேறொரு ஊர் வழக்கு. கீழ் கோர்ட் ஒருவருக்குப் பரோல் கொடுத்ததாகப் போட்டிருந்தார்கள். பெரியவர் அதைப் படிக்கவில்லை. திருத்தத்தை மட்டும் பிளேடால் வெட்டிப் பஹணியோடு சேர்த்து மடித்துக்கொண்டு மதியம் வந்து இறங்கினார். நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டார்.

விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கைதிகளை அறைகளில் பூட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்த மேஸ்திரி, வியாழக்கிழமை காலை வெளியே வந்தார்.